இரண்டு பதில்களில் எது மேல்? ஜோடிகளைக் கொண்டு மொழி மாடலைத் திருத்தும் கணக்கு

"சந்திரனில் சத்தம் கேட்குமா?" என்று ஒரு மொழி மாடலிடம் கேட்கிறோம். மாடல் ஒவ்வொரு சொல்லையும் நிகழ்தகவுப்படி தேர்ந்தெடுப்பதால், அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டால் வேறு பதில் வரலாம். இரண்டு பதில்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பதில்: "கேட்காது. ஒலி பரவுவதற்குக் காற்று போன்ற ஓர் ஊடகம் வேண்டும். சந்திரனில் காற்று கிட்டத்தட்ட இல்லை."

இரண்டாவது பதில்: "நல்ல கேள்வி! சந்திரன் பூமியின் ஒரே இயற்கைத் துணைக்கோள். ஒலி என்பது அதிர்வுகளால் உண்டாகிறது. இந்த விஷயத்தைப் பல கோணங்களில் அணுகலாம்."

இரண்டாவதில் தப்பான தகவல் எதுவும் இல்லை, இலக்கணமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஏன் அப்படி என்று ஒரு விதியாக எழுதச் சொன்னால்தான் திணறுவார். "சுருக்கமாக இரு" என்று விதி போட்டால் விளக்கம் தேவைப்படும் இடத்திலும் மாடல் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும். "நேரடியாகப் பதில் சொல்" என்றால் உறுதியாகத் தெரியாததையும் அடித்துச் சொல்லும்.

நல்ல பதில்களை மட்டும் நிறைய எழுதிக் கொடுத்து, "இதேபோல் எழுது" என்று பழக்கலாமே என்று தோன்றும். அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அந்தப் பயிற்சியில் மாடல் நல்ல பதிலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நிகழ்தகவைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் எதைச் சொல்லக் கூடாது என்பது அதில் எங்கும் வராது. மழுப்பலாக எழுதும் பழைய பழக்கத்தின்மேல் யாரும் கை வைப்பதில்லை. ஜோடி அந்தக் குறையை நிரப்புகிறது. ஒரே கேள்வி, இரண்டு பதில்கள், எது மேல் என்ற தீர்ப்பு: ஒரு ஜோடியில் இவ்வளவுதான் இருக்கும். கோப்பில் அது இப்படி உட்கார்ந்திருக்கும்:

```json
{"prompt": "சந்திரனில் சத்தம் கேட்குமா?",
 "chosen": "கேட்காது. ஒலி பரவுவதற்குக் காற்று போன்ற ...",
 "rejected": "நல்ல கேள்வி! சந்திரன் பூமியின் ஒரே ..."}
```

மதிப்பெண் கிடையாது, காரணமும் கிடையாது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒருவர் ஏழு போடும் இடத்தில் இன்னொருவர் ஐந்து போடுவார். காலையில் தாராளமாக இருக்கும் கை மாலையில் இறுகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

சரி, இந்தத் தீர்ப்பு மாடலுக்குள் எப்படிப் போகிறது? 2022இல் ஓபன்ஏஐ வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வு இதைச் சுற்றிவளைத்துச் செய்தது. ஜோடிகளைக் கொண்டு முதலில் தனியாக ஒரு வெகுமதி மாடலைப் பழக்கினார்கள். எந்தப் பதிலைக் கொடுத்தாலும் அது ஓர் எண்ணைத் தரும். பிறகு அந்த எண் கூடும்படி மொழி மாடலை வலுவூட்டல் கற்றல் முறையில் திருத்தினார்கள். அதில் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே நேரத்தில் பல மாடல்களை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், அமைப்புகளில் ஒன்று கொஞ்சம் பிசகினாலும் பயிற்சி தடம் புரளும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறுக்கு வழி ஒன்றைக் காட்டினார்கள். நேரடி விருப்ப உகப்பாக்கம் என்பது அதன் பெயர், சுருக்கமாக டிபிஓ. வெகுமதி மாடலைத் தனியாகக் கட்டத் தேவையில்லை, ஜோடிகளிலிருந்தே மொழி மாடலை நேராகத் திருத்தலாம் என்றார்கள். இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது இந்த முறையை மட்டும்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் அளவு தெரிந்தால் போதும். மாடல் ஒரு பதிலை டோக்கன் டோக்கனாக எழுதுகிறது. டோக்கன் என்பது ஒரு சொல்லாகவோ சொல்லின் துண்டாகவோ இருக்கும். ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் ஒரு நிகழ்தகவு வைத்திருக்கிறது. அவற்றையெல்லாம் பெருக்கினால் முழுப் பதிலின் நிகழ்தகவு வரும். அது மிகச் சின்ன எண்ணாக இருக்கும் என்பதால் மடக்கை எடுத்து, பெருக்கலைக் கூட்டலாக்கிக்கொள்கிறோம். அப்போது எப்போதும் எதிர்ம எண்தான் கிடைக்கும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, மாடல் அந்தப் பதிலைச் சொல்ல அவ்வளவு சாய்வாக இருக்கிறது என்று பொருள்.

நம் ஜோடிக்குச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக நான் போட்டவைதான், ஆனால் உண்மையான பயிற்சியிலும் இந்த மாதிரி எண்கள்தான் திரையில் ஓடும். நல்ல பதிலின் மடக்கை நிகழ்தகவு -42, மழுப்பல் பதிலுக்கு -38. மழுப்பல் நீளமானது, இருந்தும் அதற்குத்தான் நிகழ்தகவு கூடுதல். அது தேய்ந்துபோன வாக்கியங்களால் ஆனது, ஒரு சொல் வந்ததும் அடுத்தது எது என்று சுலபமாக ஊகிக்கலாம் என்பதுதான் காரணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4. மடக்கையில் 4 என்றால் நிகழ்தகவில் ஏறத்தாழ 55 மடங்கு. அதாவது நல்ல பதிலைவிட மழுப்பலைச் சொல்லத்தான் இந்த மாடலுக்கு 55 மடங்கு வாய்ப்பு அதிகம்.

இப்போது மாடலை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்கிறோம். ஒன்று உறைந்த பிரதி. அதைத் தொடவே மாட்டோம், தொடக்கத்தில் எப்படி இருந்தோம் என்பதைக் காட்டும் சாட்சியாக மட்டும் அது இருக்கும். இன்னொன்று பழகும் பிரதி. ஒவ்வொரு பதிலுக்கும், பழகும் பிரதி தரும் மடக்கையிலிருந்து உறைந்த பிரதி தரும் மடக்கையைக் கழிக்கிறோம். கிடைப்பது நகர்வு: தொடக்கத்திலிருந்து இந்தப் பதில் எவ்வளவு மேலே ஏறியது அல்லது கீழே இறங்கியது என்ற கணக்கு. அப்புறம் நல்ல பதிலின் நகர்விலிருந்து மோசமான பதிலின் நகர்வைக் கழிக்கிறோம். அதற்கு இடைவெளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். டிபிஓ கேட்பது இந்த இடைவெளி பெரிதாக வேண்டும் என்பதைத்தான்.

```python
chosen   = logp_chosen   - ref_chosen
rejected = logp_rejected - ref_rejected
loss = -F.logsigmoid(beta * (chosen - rejected))
```

முதலிரண்டு வரிகள் நகர்வுகள். மூன்றாவது வரி இடைவெளியை பீட்டா என்ற சிறிய எண்ணால் பெருக்கி, சிக்மாய்டு வளைவுக்குள் விடுகிறது. எந்த எண்ணைப் போட்டாலும் அந்த வளைவு 0க்கும் 1க்கும் நடுவே ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். "இந்த இரண்டில் இதுதான் மேல் என்று மாடல் சொல்வதற்கு எவ்வளவு வாய்ப்பு?" என்பதாக அதைப் படிக்கலாம். 1952இல் பிராட்லி, டெர்ரி என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் ஜோடி ஒப்பீடுகளுக்காக எழுதிய சூத்திரத்தின் உருவம்தான் இது. சதுரங்க வீரர்களின் தரவரிசைப் புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே குடும்பத்துக் கணக்குதான். அந்த வாய்ப்பின் மடக்கையை எடுத்துக் குறி மாற்றினால் லாஸ் கிடைக்கும். அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத் தீர்ப்போடு மாடல் ஒத்துப்போகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம், பீட்டா 0.1. பயிற்சி தொடங்கும்போது இரண்டு பிரதிகளும் ஒன்றுதான், ஆகவே நகர்வுகள் இரண்டும் பூஜ்ஜியம், இடைவெளியும் பூஜ்ஜியம். சிக்மாய்டு 0.5 தரும், லாஸ் 0.693. எந்தத் தரவை எடுத்தாலும் டிபிஓ பயிற்சி 0.693இல்தான் தொடங்கும். உங்கள் திரையில் முதல் அடியில் வேறு எண் வந்தால் மேலே போகாதீர்கள். உறைந்த பிரதியாகத் தவறான மாடலை ஏற்றியிருக்கலாம், அல்லது இரண்டு பிரதிகளுக்கும் உள்ளீடு ஒரே மாதிரி போகாமல் இருக்கலாம்.

சில அடிகள் கழித்து நல்ல பதில் -42இலிருந்து -39க்கு ஏறியிருக்கிறது, மழுப்பல் -38இலிருந்து -45க்கு இறங்கியிருக்கிறது என்று கொள்வோம். நகர்வுகள் +3, -7. இடைவெளி 10. பீட்டாவால் பெருக்கினால் 1. சிக்மாய்டு 0.73, லாஸ் 0.31. இப்போது நல்ல பதில் மற்றதைவிட 6 மேலே நிற்கிறது. நிகழ்தகவில் அது 400 மடங்குக்குப் பக்கம். முன்பு 55 மடங்கு பின்தங்கியிருந்த பதில் இப்போது வெகுதூரம் முந்திவிட்டது.

இதில் ஓர் அழகான விஷயம், ஒவ்வொரு ஜோடியும் மாடலை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது. தொடக்கத்தில் அந்த இழுவையின் எடை 0.5. மேலே பார்த்த நிலையில் சிக்மாய்டு 0.73 என்பதால், எடை மிச்சமுள்ள 0.27ஆகக் குறைந்துவிட்டது. ஒரு ஜோடியைக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அது தானாகவே வழி விட்டு ஒதுங்குகிறது. மாடல் எந்த ஜோடியில் தீர்ப்புக்கு எதிராக நிற்கிறதோ, அதுதான் பலமாக இழுக்கும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. யாரோ கவனக்குறைவாக நல்லதையும் மோசமானதையும் மாற்றிக் குறித்திருந்தால், மாடல் அந்த ஜோடியைத் தவறு என்றே பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் அந்த ஜோடியின் இழுவையும் எளிதில் தணியாது. மற்றதெல்லாம் அடங்கிய பிறகும் லாஸ் அதிகமாக நிற்கும் ஜோடிகளைத் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். தலைகீழாகக் குறித்தவை பல அங்கேதான் அகப்படும்.

பீட்டாவின் வேலையையும் இந்த எண்களிலேயே பார்த்துவிடலாம். சிக்மாய்டு 0.88 வர வேண்டுமானால், பெருக்கிய பின் 2 கிடைக்க வேண்டும். பீட்டா 0.1 என்றால் இடைவெளி 20 தேவை. 0.5 என்றால் வெறும் 4 போதும். அதாவது பீட்டா சிறிதாக இருந்தால் மாடல் தொடக்கத்திலிருந்து வெகுதூரம் விலகிப்போகும். பெரிதாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்ததுமே திருப்தியடைந்து நின்றுவிடும். பெரும்பாலும் 0.1இல் தொடங்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் மாடலை எவ்வளவு மாற்றுவது என்பதை முடிவு செய்யும் கற்றல் வேகத்தையும் வழக்கமான பயிற்சியைவிட நன்றாகக் குறைத்து வைப்பார்கள், `5e-7` போன்ற மதிப்புகள் சாதாரணம்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. முதல் தடவை இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லாஸ் கணக்கில் வருவது இடைவெளி மட்டும்தான். இடைவெளி எப்படி உண்டானது என்பது அதற்குத் தெரியாது. அதே ஜோடியில் வேறொரு முடிவை எடுத்துக்கொள்வோம். நல்ல பதில் -42இலிருந்து -44க்கு இறங்கிவிட்டது. மழுப்பல் -38இலிருந்து -60க்கு விழுந்துவிட்டது. நகர்வுகள் -2, -22. இடைவெளி 20, பெருக்கினால் 2, லாஸ் 0.13. முன்பு பார்த்த 0.31ஐவிட இது நன்றாக இருக்கிறதே! ஆனால் நாம் விரும்பிய பதிலுக்கு என்ன ஆனது? மடக்கையில் 2 இறங்கினால் நிகழ்தகவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடும். மழுப்பலைச் சொல்லும் வாய்ப்பு போனது உண்மை, நல்ல பதிலைச் சொல்லும் வாய்ப்பும் கூடவே குறைந்துவிட்டது. நிகழ்தகவுகளின் மொத்தம் எப்போதும் 1தான். இரண்டிலிருந்தும் கழிந்தது ஜோடியில் இல்லாத மூன்றாவது ஏதோ ஒரு பதிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அது நல்லதா கெட்டதா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இது எப்போதோ நடக்கும் விபத்தும் அல்ல. டிபிஓ பயிற்சிகளில் நல்ல பதிலின் நிகழ்தகவும் இறங்குவது சகஜமாகப் பார்க்கக் கிடைப்பதுதான். ஜோடியின் இரண்டு பதில்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் இது இன்னும் மோசமாகும். "சந்திரனில் சத்தம் கேட்காது" என்பதும் "சந்திரனில் சத்தம் கேட்கும்" என்பதும் ஒரு ஜோடி என்றால், ஒன்றை மேலே தள்ளுவதும் மற்றொன்றைக் கீழே தள்ளுவதும் மாடலின் ஏறத்தாழ அதே உள் எண்களின்மேல்தான் நடக்கிறது. மாடலுக்கு உள்ளே இரண்டுக்கும் உள்ள உருவம் ரொம்ப நெருக்கம். ஒன்றைக் கீழே அழுத்தினால் மற்றதும் சேர்ந்து இறங்கும். கணிதப் படிகளில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் செய்த ஜோடிகள் இந்த வலையில் அடிக்கடி விழும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பரவலாகப் பயன்படும் டிஆர்எல் என்ற நிரல் நூலகம் பயிற்சியின்போது `rewards/margins`, `rewards/accuracies`, `logps/chosen`, `logps/rejected` என்ற வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டும் அழகாக ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது நல்ல பதிலின் மடக்கை நிகழ்தகவைக் காட்டும் `logps/chosen`. அது கொஞ்சம் இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் பயிற்சியை நிறுத்திப் பாருங்கள்.

`rewards/accuracies` என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. இடைவெளி பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்தாலே அது "சரி" என்று எண்ணிக்கொள்ளும். நம் ஜோடியில் நல்ல பதில் -41க்கும் மழுப்பல் -40க்கும் வந்திருந்தால் நகர்வுகள் +1, -2, இடைவெளி 3. கணக்கில் அது சரியான ஜோடி. ஆனால் -40 இன்னும் -41ஐவிட மேலே இருக்கிறதே. மாடல் இன்னமும் மழுப்பலைத்தான் அதிகம் சொல்லும். தொடக்கத்தில் எவ்வளவு பின்தங்கியிருந்தோம் என்பதை உறைந்த பிரதி கழித்துவிடுவதால் வரும் விளைவு இது.

இறக்கத்தைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. லாஸோடு நல்ல பதிலின் நிகழ்தகவைத் தாங்கிப்பிடிக்கும் ஓர் உறுப்பையும் சேர்ப்பது. "இடைவெளி பெரிதாகட்டும், அதோடு நல்ல பதிலின் நிகழ்தகவும் விழாமல் இருக்கட்டும்" என்று சொல்வதுதான் அது. இன்னொரு வழி, டிபிஓவுக்கு முன் நல்ல பதில்களை மட்டும் வைத்து ஒரு சுற்று சாதாரணப் பயிற்சி கொடுப்பது. அப்போது நல்ல பதில் தொடக்கத்திலேயே மாடலுக்குப் பழகியதாகிவிடும்.

அடுத்த சிக்கல் நீளம். ஆட்கள் ஜோடிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் நீளமான, விரிவான பதிலின் பக்கம் சாய்வது வழக்கம். ஒவ்வொரு ஜோடியிலும் இந்தச் சாய்வு சின்னதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஜோடிகளில் பொதுவாக இருக்கும் அம்சம் அது ஒன்றுதான் என்றால், மாடல் எதைக் கற்றுக்கொள்ளும்? நேர்மை, தெளிவு எல்லாம் கேள்விக்குக் கேள்வி வேறு உருவத்தில் வரும், நீளமோ எங்கும் ஒரே மாதிரி வரும். பயிற்சிக்கு முன் நல்ல பதில்களின் சராசரி நீளத்தையும் மோசமானவற்றின் சராசரி நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிட ஒன்றரை மடங்கு இருந்தால், பயிற்சி முடிந்ததும் மாடல் வளவளவென்று பேசப்போகிறது என்பதை இப்போதே எதிர்பார்க்கலாம். நம் சந்திரன் ஜோடி போல, சின்னப் பதில் ஜெயிக்கும் ஜோடிகளையும் கணிசமாகக் கலந்து வைப்பதுதான் இதற்கு நேரான மருந்து. மடக்கை நிகழ்தகவை டோக்கன் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளும் மாற்று முறைகளும் இருக்கின்றன. தரவில் இருக்கும் சாய்வை அவை முழுக்கப் போக்கிவிடாது.

ஒத்து ஊதும் பழக்கமும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கேட்பவர் தவறான ஒன்றைச் சொல்லும்போது, மறுக்கும் பதிலைவிட ஆமோதிக்கும் பதிலை ஆட்கள் மேல் என்று குறித்தால், ஜோடிகள் அதையும் கற்றுக்கொடுத்துவிடும். இந்த முறை கற்பது எது உண்மை என்பதையல்ல, எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை.

கடைசியாக, ஜோடிகள் எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்வி. வேறு யாரோ வேறு மாடலிலிருந்து எடுத்த ஜோடிகளை அப்படியே கொண்டுவந்து போடுவது சுலபம். ஆனால் அதில் "மோசமானது" என்று குறித்த பதிலை நம் மாடல் எப்படியும் சொல்லியிருக்காது என்றால், அதைக் கீழே தள்ளி என்ன பயன்? -300இல் இருப்பதை -320க்குத் தள்ளினாலும் லாஸ் குறையும், மாடலின் பேச்சில் எதுவும் மாறாது. நம் மாடலே சொல்லக்கூடிய இரண்டு பதில்களை எடுத்து, அவற்றுக்குள் தீர்ப்பு வாங்கினால்தான் தள்ளுவது சரியான இடத்தில் விழும். பயிற்சி முடிந்த மாடலுக்கும் இது பொருந்தும். அது பழைய மழுப்பலை இப்போது சொல்வதில்லை, அதற்கென்று புதுத் தவறுகள் வந்திருக்கும். அதனால் பலர் ஒரே மூச்சில் நீளமாகப் பழக்குவதில்லை. ஒரு சுற்று முடிந்ததும் புதிய மாடலிடமே கேள்விகளைக் கேட்டுப் புதிய ஜோடிகளை எடுக்கிறார்கள். அந்தப் புதிய மாடலையே உறைந்த பிரதியாக வைத்து, லாஸை மறுபடி 0.693இலிருந்து தொடங்குகிறார்கள்.